18 ரூபாய் கேசரி

செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளியில் எங்கள் தெருமுனையில் ஒரு சைவ ஹோட்டல் இருக்கிறது. நாற்பது நாற்காலி. காலையில் இட்லி, வடை, பெசரட்டு, மதியம் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி டிபன். நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் மாதம் ஒருமுறை அவருடைய கல்லாக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது வழக்கம்.

போன வருஷம் மே மாதம் அவர் ஒரு யோசனையோடு வந்தார். பக்கத்துத் தெருவில் புதுக்கடை ஒன்று திறந்து, தினமும் வருபவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்திருந்தது.

"நாமளும் நம்ம பழைய ஆளுங்களுக்குப் பத்து பர்சன்ட் கொடுத்துருவோம் தம்பி. இத்தனை வருஷமா வர்றாங்க. அவங்களுக்கு நாம என்ன செஞ்சோம்?"

அவர் மனசு சரியான இடத்தில்தான் இருந்தது, கணக்குதான் இடித்தது. அன்று இரவு அவருடைய பில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் ஒரு ஆள் சராசரியாக 90 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார். அதில் அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி, பால் எல்லாம் சேர்ந்து சரக்கு 30 ரூபாய். கேஸ், இலை, பார்சல் டப்பா போன்ற சில்லறை 5 ரூபாய். மீதி 55 ரூபாய் கையில் நிற்கிறது. ஆனால் அந்த 55-ல்தான் வாடகை, மாஸ்டர் சம்பளம், சப்ளையர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் போக வேண்டும். எல்லாம் போனபிறகு அண்ணாச்சிக்கு மிஞ்சுவது 10 ரூபாய். பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் 9 ரூபாய். அவருடைய சம்பாத்தியம் ஏறக்குறைய முழுசாகப் போய்விடும்.

கூட்டம் கூடினால் ஈடாகிவிடாதா என்று கேட்டார். ஈடாகும், எவ்வளவு கூடவேண்டும் என்பதுதான் கேள்வி. தள்ளுபடிக்கு முன்னால் ஒருவர் பத்துத் தடவை வந்தால் 550 ரூபாய் கையில் நிற்கிறது. தள்ளுபடிக்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 46 ரூபாய்தான். அதே 550-ஐ எடுக்க அவர் பன்னிரண்டு தடவை வரவேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வரும் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரரை நீங்கள் ஆறு நாள் வரவைத்தால்தான் பழைய இடத்திலேயே நிற்க முடியும். அவருக்கு வீட்டிலும் சமையல் நடக்கிறது.

வாடிக்கைக்காரர்களுக்குச் சலுகை கொடுப்பதில் இருக்கிற சிக்கலே இதுதான். யார் எப்படியும் வரப்போகிறாரோ அவருக்குக் கொடுக்கிற காசு திரும்பி வராது. கடையைத் தாங்கிப் பிடிப்பவரும் அவர்தான், அவரைக் கவனிக்காமலும் இருக்க முடியாது.

இந்த வலியை நம் நாட்டு உணவகங்கள் பெரிய அளவில் ஒருமுறை அனுபவித்திருக்கின்றன. 2017 நவம்பரில் ஜொமேட்டோ கோல்டு இந்தியாவுக்கு வந்தது. உறுப்பினர் கட்டணம் கட்டியவருக்கு, சேர்ந்திருக்கிற உணவகங்களில் ஒரு பதார்த்தம் வாங்கினால் இன்னொன்று இலவசம். கட்டணம் செயலிக்கு, இலவசத்தின் செலவு உணவகத்துக்கு. ஆரம்பத்தில் புது ஆட்கள் வருவார்கள் என்று கடைக்காரர்கள் சேர்ந்தார்கள். உறுப்பினர்கள் பெருகப் பெருக, முழுக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதே சலுகையைக் கேட்க ஆரம்பித்தார்கள். 2019 ஆகஸ்ட் மாதம் குருகிராமில் ஆரம்பித்து, உணவகங்கள் இப்படிப்பட்ட தள்ளுபடித் திட்டங்களிலிருந்து கும்பலாக வெளியேறின. தேசிய உணவக சங்கம் அதற்கு 'லாக் அவுட்' என்று பெயர் வைத்தது. நூற்றுக்கணக்கான கடைகள் ஒரே நேரத்தில் வெளியேறுகிற அளவுக்கு அந்தக் கணக்கு கசந்துபோயிருந்தது.

அண்ணாச்சிக்கு இதைச் சொன்னேன். "அப்ப ஒண்ணும் கொடுக்க வேண்டாங்கிறீங்களா?" என்றார். கொடுக்கலாம், எதைக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றேன்.

அவர் முதலில் நினைத்தது பத்து தடவை வந்தால் ஒரு காப்பி இலவசம். காப்பியின் விலை 30 ரூபாய், டிகாக்ஷனும் பாலும் சர்க்கரையும் சேர்த்து 10 ரூபாய்க்குள் அடங்கும். பார்த்தால் 10 ரூபாய்ச் செலவு மாதிரித் தெரிகிறது. ஆனால் காலையில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காப்பி குடிக்காமல் எழுந்திருப்பதில்லை. அன்றைக்கு அவர் 30 ரூபாய் கொடுத்து வாங்கியிருப்பார். இலவசமாகக் கொடுத்ததால் அந்த 30 ரூபாய் வரவில்லை. ஆகவே அந்தக் காப்பியின் உண்மையான செலவு 30 ரூபாய். அவர் வழக்கமாக வாங்காத ஒன்றைக் கொடுத்தால் மட்டுமே நமக்குச் சரக்குச் செலவோடு நிற்கும்.

அதனால் மூன்று வாரத்துப் பில்களைப் பிரித்துப் போட்டு, காலை நேரத்தில் எது குறைவாகப் போகிறது, ஆனால் எதைக் கொடுத்தால் முகம் மலரும் என்று பார்த்தோம். கேசரி கண்ணில் பட்டது. மெனுவில் 60 ரூபாய். காலையில் தனியாளாக வருபவர்கள் அதை ஏறக்குறைய வாங்குவதே இல்லை, குடும்பமாக வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போகும். ஒரு கிண்ணத்துக்கு ரவையும் சர்க்கரையும் 3 ரூபாய், நெய் 10 ரூபாய், முந்திரி 3 ரூபாய், கிண்ணமும் கரண்டியும் 2 ரூபாய். மொத்தம் 18. நெய்யில் கட்டிய ஜிஎஸ்டியும் இதில் சேர்ந்ததுதான். ஐந்து சதவீத வரி போடும் சாதாரண ஹோட்டல்களுக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது, அதனால் சரக்கின் விலையை வரியோடுதான் எழுத வேண்டும். பலர் இந்த இடத்தில் தங்கள் செலவைக் குறைத்து எழுதிவிடுகிறார்கள்.

தோசை கொடுத்தால் சரக்கு இதைவிடக் குறைவுதானே என்று மாஸ்டர் கேட்டார். நல்ல கேள்வி. மாவும் எண்ணெயும் மலிவுதான். ஆனால் காலை எட்டரையிலிருந்து பத்து வரை தோசைக்கல்லில் இடமே கிடையாது. அந்த நேரத்தில் இலவசமாக ஊற்றுகிற ஒவ்வொரு தோசையும் காசு கொடுத்து நிற்பவருடைய தோசையைத் தள்ளிப்போடும். கேசரியோ காலை ஆறு மணிக்கே கிளறி வைத்தாயிற்று, ஒரு கரண்டி எடுத்து வைத்தால் முடிந்தது. சமையலறையின் எந்த மூலை நெரிசலாக இருக்கிறதோ அங்கிருந்து பரிசு எடுக்கக்கூடாது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஒரு அட்டையில் ஓட்டை போட்டு எண்ணி, பத்து தடவை வந்தவருக்கு ஒரு கேசரி. நமக்குச் செலவு 18 ரூபாய், 900 ரூபாய் விற்பனையில் இரண்டு சதவீதம். வாங்குகிறவர் கண்ணுக்கு அது 60 ரூபாய். ஒரு கூடுதல் வருகை 55 ரூபாயைக் கொண்டுவருகிறது. ஆக மூன்று அட்டை நிறைவதற்குள் எங்கேயாவது ஒரே ஒரு வருகை கூடினால் போதும், கேசரிக்குச் செலவழித்தது வந்துவிடும். தள்ளுபடி வழியில் ஒவ்வொரு பத்து வருகைக்கும் இரண்டு வருகை கூடவேண்டியிருந்தது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, எதற்கு ஓட்டை போடுவது என்ற விவாதம் வந்தது. 120 ரூபாய்க்கு மேல் பில் போட்டால்தான் ஓட்டை என்று வைத்தால் இன்னொரு வடையோ காப்பியோ சேரும் என்று நான் சொன்னேன். கணக்குப் புத்தி அப்படித்தான் ஓடும். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ரெண்டு இட்லி, ஒரு காப்பி. இருபது வருஷமா அதான் சாப்பிடுதார். அவருக்கு ஓட்டை கிடையாது, நேத்து வந்து ரெண்டு நெய் ரோஸ்ட் சாப்பிட்டவனுக்கு உண்டுன்னா, நான் எந்த முகத்தை வச்சிக்கிட்டு கல்லாவுல உக்காருவேன்?"

அவர் சொன்னதுதான் சரி. ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் இதே கேள்வியில் 2016 ஏப்ரலில் முட்டிக்கொண்டது. அதுவரை வருகைக்கு ஒரு நட்சத்திரம் என்று இருந்ததை, செலவழிக்கும் டாலருக்கு இரண்டு நட்சத்திரம் என்று மாற்றினார்கள். காரணமும் இருந்தது: சிலர் ஒரே ஆர்டரைப் பல பில்லாகப் பிரித்து நட்சத்திரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் வரிசை நகரவில்லை. ஆனால் தினமும் ஒரே ஒரு சாதாரணக் காப்பி வாங்கிக்கொண்டிருந்தவருக்குப் பரிசு ரொம்பத் தூரம் போய்விட்டது. அடிக்கடி வருவதையே மதிப்பதா, அதிகம் செலவழிப்பதையா என்பதைத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் பழைய ஆட்களுக்குத்தான் முதலில் வலிக்கும்.

நாங்கள் வருகையை எடுத்துக்கொண்டோம். 60 ரூபாய்க்கு மேல் எந்தப் பில்லுக்கும் ஓட்டை உண்டு. அந்த இட்லி காப்பிக்காரர் உள்ளே வந்துவிடுவார், வெறும் காப்பி குடிப்பவர் வரமாட்டார். பில்லைப் பிரிக்கும் ஆசைக்கு ஒரே விதி: ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓட்டைதான்.

அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, கொடுக்கும்போதே இரண்டில் ஓட்டை போட்டுக் கொடுத்தோம். பத்துக் கட்டம் காலியாகக் கொடுப்பதும் இதுவும் கணக்கில் ஒன்றே. ஆனால் மனசுக்கு ஒன்றல்ல. நூனஸ், டிரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் கடையில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் காலிக் கட்டம், பாதிப் பேருக்குப் பத்துக் கட்டத்தில் இரண்டு முத்திரை ஏற்கெனவே குத்தியது. இருவருக்கும் தேவை எட்டுக் கழுவல். முதல் கூட்டத்தில் 19 சதவீதம் பேர் அட்டையை நிறைத்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். கிளம்பியாயிற்று என்ற எண்ணம் ஆளை இழுக்கிறது. ஒரு பரிசு வாங்கியதும் வேகம் கொஞ்சம் குறையும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் கேசரி வைக்கிற அதே நிமிஷத்தில், இரண்டு ஓட்டையோடு புது அட்டையையும் வைக்கச் சொன்னோம்.

போன் நம்பர் வாங்கிப் புள்ளிகள் சேர்க்கும் செயலி ஒன்றை விற்க ஒருவர் வந்தார். மாதச் சந்தா மட்டும் இந்தத் திட்டத்தின் மொத்தக் கேசரிச் செலவில் பாதி. அதுபோக, பில் போட போன் நம்பர் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையே அறிவுரை கொடுத்திருக்கிறது. அதே வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கச் சொல்கிறது. நாற்பது நாற்காலிக் கடைக்கு அந்தச் சுமை வேண்டாம் என்று காகித அட்டையிலேயே நின்றோம்.

காகிதத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று திருட்டு. ரப்பர் முத்திரையை எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் செய்துகொள்ளலாம், கேஷியரும் தன் சினேகிதனுக்கு இரண்டு கூடுதலாகக் குத்தலாம். அதனால் நட்சத்திர வடிவ ஓட்டை போடும் கருவி ஒன்று வாங்கி, கல்லாப் பெட்டிச் சாவியோடு கட்டிவைத்தோம். கேசரி கொடுக்கும்போது பில்லில் 'கார்டு கேசரி, 0 ரூபாய்' என்று ஒரு வரி கட்டாயம், நிறைந்த அட்டையை வாங்கி அந்த பில்லோடு பின் குத்தி வைக்க வேண்டும். சனிக்கிழமை இரவு அட்டைகளும் 0 ரூபாய் வரிகளும் ஒத்துப்போகிறதா என்று எண்ணுவேன். ஒரு ஷிப்டில் மட்டும் பில் எண்ணிக்கைக்கு மிஞ்சி அட்டைகள் நிறைந்தால் அங்கே பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொன்று மறதி. வயதானவர்கள் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். கேஷியர் பையன் ஒரு வழி சொன்னான்: அட்டைகளை இங்கேயே வைத்துக்கொள்ளலாமே. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் எழுத்து வரிசைப்படி அடுக்கினோம். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அட்டையை எடுக்க அவனுக்குப் பெயர் தெரிய வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் காலை வாடிக்கை முழுவதும் அவனுக்குப் பெயரோடு தெரிந்துவிட்டது. "ராவ் காரு, நமஸ்காரம்" என்று அவன் சொல்வதும், அவர் உட்காரும் முன்பே டின்னைத் திறப்பதும் எந்தத் தள்ளுபடிப் பலகையிலும் எழுத முடியாதவை.

தவறுகளும் நடந்தன. முதல் பெரிய தவறு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அன்று நாலு அட்டை நிறைந்து, கேசரி தீர்ந்துபோய், ஒரு பழைய வாடிக்கைக்காரரிடம் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சப்ளையர் சொல்லிவிட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். பரிசே கொடுக்காமல் இருந்திருந்தால் அவருக்கு மனத்தாங்கலே வந்திருக்காது. அன்று மாலை அண்ணாச்சி அவர் வீட்டுக்கே போய் கேசரி கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு, டின்னில் எத்தனை அட்டை கடைசிக் கட்டத்தில் நிற்கிறது என்று முந்தின இரவே எண்ணி, கேசரியின் அளவை மாஸ்டரிடம் சொல்லிவிடுகிறோம். ஞாயிறு காலை மட்டும் பரிசு பார்சலாகத்தான். நாற்காலி அந்த நேரத்தில் கேசரியைவிட விலை அதிகம்.

இரண்டாவது தவறை வாடிக்கைக்காரரே சுட்டிக்காட்டினார். அட்டை நிறைந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு பெரியவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "சுகர் பாபு, எனக்கெதற்கு?" என்றார். திட்டம் போடும்போது எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. மாற்றாக வீட்டு இட்லிப் பொடி, நூறு கிராம் பொட்டலம். பருப்பு, மிளகாய், எள், பொட்டலத்தோடு சேர்த்து 17 ரூபாய் அடங்கியது, கல்லாப் பக்கத்தில் 50 ரூபாய்க்கு விற்கிறது. நாற்காலி வேண்டாம், அடுப்பு வேண்டாம், கெட்டுப்போகாது. இப்போது கேசரியைவிடப் பொடிதான் அதிகம் போகிறது. பொட்டலம் தீர்ந்ததும் சிலர் காசு கொடுத்து வாங்கிப்போகவும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அட்டை வைத்திருப்பவர்கள் அதிகம் வருகிறார்கள் என்று பார்த்து மகிழ்ந்துவிடுவது பெரிய ஏமாற்று. அதிகம் வருகிறவர்கள்தானே அட்டையே வாங்குவார்கள். அதனால் ஜூனில் தொடங்குமுன் பதினைந்து நாள் ஒரு நோட்டில் எழுதினோம். யார் யார் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வருகிறார்கள் என்று கேஷியரும் சப்ளையர்களும் அடையாளம் வைத்துக் குறித்தார்கள். 'நாலாம் டேபிள் பேப்பர் அங்கிள்', 'ஸ்கூட்டி டீச்சர்' என்றெல்லாம் இருக்கும். காலையில் 70 பேர், சாயங்காலம் 40 பேர் தேறினார்கள். முதல் ஆறு வாரம் காலை ஆட்களுக்கு மட்டும் அட்டை. சாயங்கால ஆட்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்களையும் தொடர்ந்து குறித்துக்கொண்டே வந்தோம். ஏனென்றால் இந்த ஊரில் மாதத்துக்கு மாதம் கூட்டம் மாறும். சிராவண மாதத்தில் மாமிசம் விட்டவர்கள் சைவ ஹோட்டலுக்கு வருவார்கள், சங்கராந்திக்கு ஊரே காலியாகி ஆந்திரா பக்கம் போய்விடும். சாயங்காலக் கூட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாறியது சீசனா அட்டையா என்று தெரியும்.

ஆறு வாரத்தில் காலை ஆட்கள் வாரத்துக்கு 4.1 வருகையிலிருந்து 4.5-க்குப் போனார்கள். சாயங்கால ஆட்கள் 2.7-லிருந்து 2.8. அந்த 0.1-ஐ சீசன் என்று கழித்தால், காலை ஆட்களுக்கு அட்டையால் கூடியது 0.3. எழுபது பேருக்கு வாரம் 21 கூடுதல் வருகை, 55 வீதம் 1,155 ரூபாய். எல்லாரும் நிறைத்தால் வாரம் 31 அட்டை, 18 வீதம் சுமார் 560 ரூபாய். மிச்சம் வாரத்துக்கு 600 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. பெரிய தொகை இல்லை, எழுபது பேரை வைத்து எடுத்த எண்ணை ரொம்ப நம்பவும் கூடாது. ஆனால் அதே 315 வருகைக்குப் பத்து சதவீதம் தள்ளியிருந்தால் வாரம் 2,800 ரூபாய்க்கு மேல் கல்லாவிலிருந்து போயிருக்கும்.

பலகை வைத்திருந்த பக்கத்துத் தெருக் கடை தீபாவளிக்கு முன்பே தள்ளுபடியை எடுத்துவிட்டது. அங்கே போய்வந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பி வந்து கேஷியரிடம் தங்கள் அட்டை இன்னும் டின்னில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. ஒருவருக்கு ஏழு ஓட்டை, இன்னொருவருக்கு நாலு. தொண்ணூறு நாள் தாண்டினால் செல்லாது என்று அட்டையின் பின்னால் நான்தான் அச்சடிக்கச் சொல்லியிருந்தேன். அண்ணாச்சி அந்த வரியைப் பார்த்துவிட்டு, எட்டாவது ஓட்டையைப் போடச் சொன்னார்.